பதினெட்டு அர்ச்சுனா

அம்மாச்சியின் வீடு சிறுமலை அடிவாரத்தில் இருந்தது. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் அங்கே போகும் சித்திரை மாதத்தில்தான் கோடை மழையும் வரும். மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மலைக்கு மேலே வெள்ளையாக ஒரு மேகம் பொங்கும், ஐந்து மணிக்குள் அதன் அடிப்பாகம் கறுத்துவிடும். முதல் மின்னல் வெட்டியதும் அம்மாச்சி எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, "அர்ச்சுனன் பேரைச் சொல்லுங்கடா" என்பார். அர்ச்சுனா, அர்ச்சுனா என்று சொல்லிக்கொண்டே இருப்போம். இடி இடித்ததும் நிறுத்திவிடுவோம்.

பயம் போக்கத்தான் அந்தப் பழக்கம். ஆனால் அதற்குள் ஒரு கடிகாரம் இருந்தது. நிதானமாகச் சொன்னால் ஒரு அர்ச்சுனாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். அம்மாச்சிக்கு நொடிக் கணக்கு தெரியாது, ஆனால் எண்ணிக்கை தெரியும். நாலு, ஐந்து அர்ச்சுனாவில் இடி வந்துவிட்டால் வாசலில் நிற்கும் ஆட்டுக்குட்டி உட்பட எல்லாரும் உள்ளே போக வேண்டும். பத்தைத் தாண்டினால் திண்ணையிலேயே இருக்கலாம்.

ஒரு நாள் பதினெட்டு வரை எண்ணினோம். தலைக்கு மேல் மேகம் முழுக்க ஒருமுறை வெளுத்து அடங்கியது. பதினெட்டாவது அர்ச்சுனாவில்தான் மெல்லிய குமுறல் ஒன்று ஆரம்பித்தது. "அது எங்கேயோ தூரத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு, கொடியில் காயும் துணிகளை எடுக்க அம்மாச்சி வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கண் முழுக்க வெள்ளையாகிவிட்டது. 'அர்' என்று வாயெடுப்பதற்குள் காது அடைத்துப்போகிற மாதிரி ஒரு வெடி. வயல் ஓரத்துப் பனைமரங்களில் ஒன்றின் கொண்டையில் புகை வந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து அந்த மரத்துக்கு முந்நூறு மீட்டர் தூரம்கூட இல்லை.

நாங்கள் எண்ணியது சரி, கணக்கும் சரி. அப்புறம் ஏன் ஏமாந்தோம் என்பது வெகுநாள் என் மனதிலேயே கிடந்தது. இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

முதலில் எளிதான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். மின்னலும் இடியும் ஒரே கணத்தில், ஒரே இடத்தில் பிறக்கின்றன. அவற்றில் ஒன்று ஒளியாகவும் மற்றது காற்றின் அதிர்வாகவும் நம்மிடம் வருகின்றன. ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். பத்து கிலோமீட்டர் தள்ளி வெட்டிய மின்னலின் ஒளி நம் கண்ணுக்கு வர, ஒரு நொடியை முப்பதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு நேரம் போதும். ஆக, மின்னலை நாம் பார்க்கும் கணமும் அது நிகழ்ந்த கணமும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒலி அப்படி இல்லை. காற்றின் ஒரு அடுக்கு அடுத்த அடுக்கைத் தள்ள, அது அதற்கு அடுத்ததைத் தள்ள, அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் அது வந்து சேர வேண்டும். மழைக்கு முந்தைய குளிர்காற்று வீசி வெப்பநிலை 25 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 346 மீட்டர். ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். எண்ணிய நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வந்துவிடும்.

ஐந்தால் வகுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது மைலுக்கான கணக்கு. ஒரு மைலைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய ஐந்து நொடி ஆகும். அதைக் கிலோமீட்டர் என்று மாற்றிச் சொல்லி யாரோ பரப்பிவிட்டார்கள்.

இனி மேகத்துக்குள் போவோம். மேகங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் இடி இடிக்கிறது என்று எனக்குச் சிறு வயதில் சொன்னார்கள். இன்றும் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். மேகம் என்பது நீர்த்துளியும் பனித்துகளும் மிதக்கும் காற்று. இரண்டு மேகங்கள் சேர்ந்தால் இரண்டு புகைமூட்டம் கலப்பது போலச் சத்தமில்லாமல் கலக்கும். ஆனால் மோதல் என்ற சொல்லை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது. மோதல் நடக்கிறது, ஒரே மேகத்தின் வயிற்றுக்குள்.

நம் ஊர் வானத்தில் சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூச்சியம் டிகிரி ஆகிவிடும். கீழே நாம் வேர்த்து வழிந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில்தான் அங்கே நீர் உறைகிறது. இடிமேகம் அந்த உயரத்தையும் தாண்டி 12, 14 கிலோமீட்டர் வரை வளரும். உறைநிலையைத் தாண்டிய பகுதியில் மூன்று வகைப் பொருட்கள் கலந்து கிடக்கும். ஒன்று, மிக நுண்ணிய பனிப் படிகங்கள். இன்னொன்று, பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருக்கும் நீர்த்துளிகள். அந்தத் துளிகள் பனித்துகள் மேல் ஒட்டி உறைந்து உறைந்து உருவாகும் மிருதுவான சிறு உருண்டைகள் மூன்றாவது. அரிசிக் குருணை அளவில் இருப்பதால் நான் அவற்றைப் பனிக்குருணை என்று சொல்லிக்கொள்வேன்.

மேகத்துக்குள் காற்று கீழிருந்து மேலே பலமாக வீசுகிறது. லேசான படிகங்களை அது தூக்கிக்கொண்டு போகும். கனமான குருணைகள் அதே இடத்தில் தத்தளிக்கும் அல்லது கீழே விழும். ஏறும் படிகமும் இறங்கும் குருணையும் உரசி மோதி விலகும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரையுள்ள பகுதியில் குருணை எதிர் மின்னூட்டம் பெறுகிறது, படிகம் நேர் மின்னூட்டம் பெறுகிறது. ஒரு மோதலில் கைமாறுவது அற்பம்தான். ஆனால் கோடானுகோடி மோதல்கள். படிகங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மேகத்தின் உச்சிக்குப் போய்விடுகின்றன. குருணைகள் ஆறு, ஏழு கிலோமீட்டர் உயரத்தில் எதிர் மின்னூட்டத்தோடு நிற்கின்றன. மழை தொடங்குவதற்கு முன்பே மேகம் இப்படி இரண்டாகப் பிரிந்துவிடும்.

சரி, பிரிந்த மின்னூட்டம் எப்போது பாயும்? காற்று நல்ல மின்கடத்தாப் பொருள். தரைமட்டத்தில் அதை உடைக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வேண்டும். உயரே காற்று மெலிந்திருப்பதால் அதில் பாதி போதும். ஆனால் பலூன்களிலும் விமானங்களிலும் கருவி ஏற்றி மேகத்துக்குள் அளந்தபோது கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் மீட்டருக்கு இரண்டு, மூன்று லட்சம் வோல்ட்தான். தேவையானதைவிட மிகக் குறைவு. அப்படியிருந்தும் முதல் பொறி எப்படிப் பிறக்கிறது என்பது இந்தத் துறையில் இன்னும் தீராத கேள்வி. பனித்துகளின் கூர்முனைகளில் மின்புலம் குவிந்து பொறியைத் தொடங்குகிறது என்கிறார்கள் ஒரு சாரார். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தட்டிவிடும் அதிவேக எலக்ட்ரான்கள்தான் தொடக்கம் என்கிறார்கள் இன்னொரு சாரார். மாலைதோறும் நம் தலைக்கு மேல் நடக்கும் ஒன்றின் முதல் கணம் இன்னும் பிடிபடவில்லை என்பது என்னை ஒவ்வொரு சித்திரையிலும் மேலே பார்க்கவைக்கிறது.

தொடங்கியபின் நடப்பது நன்றாகவே தெரியும். 1930களில் தென்னாப்பிரிக்காவில் ஷோன்லாண்ட் என்ற இயற்பியலாளரும் அவருடைய தோழர்களும் சுழலும் லென்ஸ் கொண்ட கேமராவால் மின்னலைப் படமெடுத்தார்கள். நாம் ஒரே வெட்டாகப் பார்ப்பது அந்தப் படத்தில் பல கட்டங்களாகப் பிரிந்து நின்றது. முதலில் மங்கலான ஒரு முன்னோடி மேகத்திலிருந்து கிளம்புகிறது. சுமார் ஐம்பது மீட்டர் தாவும், ஒரு கணம் நிற்கும், மறுபடி வேறு பக்கம் கோணலாகத் தாவும், கிளை விடும். இருட்டில் தட்டுத் தடுமாறிப் படியிறங்குகிறவர் போல. நிற்பது ஒரு நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். ஆறு கிலோமீட்டரை இறங்கி முடிக்க ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு போதும். மின்னல் ஏன் நேர்க்கோடாக இல்லாமல் கோணல்மாணலாக இருக்கிறது என்றால், ஒவ்வொரு தாவலிலும் அருகில் எந்தப் பக்கம் காற்று எளிதாக வழிவிடுகிறதோ அந்தப் பக்கம் போவதால்தான். தரையில் எது இருக்கிறது என்பது அதற்குக் கடைசி நூறு மீட்டர் வரை பொருட்டே இல்லை.

அந்தக் கடைசி நூறு மீட்டருக்குள் வந்ததும் தரையிலிருந்து பதில் கிளம்புகிறது. பனை, தென்னை, கோபுரம், செல்போன் டவர், வெட்டவெளியில் நிற்கும் மனிதர் என்று உயர்ந்து நிற்பவற்றின் நுனியிலிருந்து நேர் மின்னூட்டப் பொறிகள் மேல்நோக்கி எழும்புகின்றன. அவற்றில் ஒன்று முன்னோடியைத் தொட்டவுடன் வழி முழுமையாகிவிடுகிறது. அப்போதுதான் கண்ணைப் பறிக்கும் பெரிய வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறுகிறது, ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில். மின்சாரம் 30,000 ஆம்பியர் அளவுக்குப் போகும். எங்கள் வீட்டு மெயின் பியூஸ் 32 ஆம்பியர்.

அதே வழியில் இன்னும் மூன்று, நான்கு முறை பாய்ச்சல் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு இடைவெளி. மின்னல் படபடவென்று துடிப்பது போல நமக்குத் தெரிவது இதனால்தான். கரண்ட் போய் மின்விசிறி மெதுவாக நிற்கப்போகும் நேரத்தில் மின்னல் வெட்டினால் அதன் இறக்கைகளைக் கவனியுங்கள். ஒரே மின்னலில் இரண்டு மூன்று இடங்களில் அசையாமல் நிற்பது போலத் தெரியும்.

இப்போது இடி. இவ்வளவு மின்சாரமும் பாயும் வழி சில சென்டிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதற்குள் இருக்கும் காற்று ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. சூடானால் காற்று விரியத்தான் வேண்டும், ஆனால் விரிய நேரமே கிடைக்கவில்லை. எனவே அழுத்தம் எகிறுகிறது, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அடுத்த கணம் அது ஒலியைவிட வேகமாக வெளியே வெடிக்கிறது. இந்த அதிர்ச்சி அலை சில மீட்டர் தூரத்திலேயே தளர்ந்து சாதாரண ஒலி அலையாகி, நொடிக்கு 346 மீட்டர் என்று நம்மை நோக்கி நடக்கத் தொடங்குகிறது. கொல்லும் வேலையைச் செய்வது முழுக்க மின்சாரம்தான். ஆனாலும் நாம் "இடி விழுந்தது" என்றுதான் சொல்கிறோம், அதைத் தடுக்கும் கம்பிக்கும் இடிதாங்கி என்றுதான் பெயர். பக்கத்தில் விழும்போது வெளிச்சமும் வெடியும் பிரித்தறிய முடியாமல் ஒன்றாக வருவதால் அப்படி நிலைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதுவரை நான் மின்னலைப் பற்றிச் சொன்னதில், வெட்டிய நேரம் ஒரு கணம், வெட்டிய இடம் ஒரு புள்ளி என்ற மாதிரி ஒரு தோற்றம் வந்திருக்கும். கணம் என்பது சரி. முழு வழியும் நம் காதைப் பொறுத்தவரை ஒரே நேரத்தில் வெடிக்கிறது. ஆனால் இடம் புள்ளி இல்லை. அது ஐந்து, பத்து கிலோமீட்டர் நீளமுள்ள கோணலான ஒரு கோடு. அதன் பெரும்பகுதி மேகத்துக்குள் படுக்கைவாட்டில் ஓடி நம் கண்ணுக்கு மறைந்தே இருக்கும். அந்தக் கோட்டின் ஒவ்வொரு மீட்டரும் தன் பங்குக்கு ஒரு வெடி வெடிக்கிறது. எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டாலும் கிட்டே இருக்கும் மீட்டரின் வெடி முதலில் வரும், தூரத்து மீட்டரின் வெடி கடைசியில் வரும். இடி உருண்டு உருண்டு பத்து, பதினைந்து நொடி நீள்வது இதனால்தான்.

தீபாவளிச் சரவெடியை வைத்து இதைப் பார்க்கலாம். 340 மீட்டர் நீளமுள்ள ஒரு தெருவில் சரத்தை நீட்டிப் போட்டு, ஏதோ மந்திரத்தால் எல்லா வெடியும் ஒரே கணத்தில் வெடிப்பதாக வைத்துக்கொள்வோம். தெருவின் ஒரு முனையில் நிற்பவருக்குக் காலடி வெடி உடனே கேட்கும், மறுமுனை வெடி ஒரு நொடி கழித்துக் கேட்கும். இடையில் இருப்பவையெல்லாம் அந்த ஒரு நொடி முழுக்கப் பரவி, பொரபொரவென்று வரும். இன்னொருவர் தெருவின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே, 340 மீட்டர் தள்ளி வயலில் நிற்கிறார். நடு வெடி அவருக்கு 340 மீட்டர் தூரம், முனை வெடிகள் 380 மீட்டர் தூரம். வித்தியாசம் நாற்பது மீட்டர்தான். எல்லாம் ஒரு நொடியின் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்து விழுந்துவிடும். அவருக்குக் கேட்பது ஒரே ஒரு பெரிய 'டமார்'. சரம் ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கும் கேட்டது வேறு வேறு.

மின்னலின் கோடு நமக்குக் குறுக்கே ஓடும் இடங்களில் இடி ஓங்கி அறையும். நம்மைவிட்டு விலகியோ நம்மை நோக்கியோ ஓடும் இடங்களில் குமுறலாக நீளும். ஒரே இடியில் நடுவே திடீரென்று இரண்டாவது முறை ஓங்கி அறைவதைக் கேட்டிருப்பீர்கள். பலரும் அதைப் புது இடி என்று நினைப்பார்கள். பல நேரம் அது அதே மின்னல்தான், கோடு அங்கே நமக்குக் குறுக்கே திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் ஹூஸ்டனில் ஆர்தர் ஃபியூ என்ற அறிவியலாளர் 1970களில் இதையே கருவியாக்கினார். பல மைக்குகளைத் தரையில் பரப்பி, இடியின் ஒவ்வொரு துண்டும் எந்தத் திசையிலிருந்து எத்தனை நொடி கழித்து வந்தது என்று பிரித்து, மேகத்துக்குள் மறைந்திருந்த மின்னல் கோட்டை வரைந்து காட்டினார்.

நம்மிடம் ஒரு மைக் இருக்கிறது, செல்போனில். திசை தெரியாது, நேரம் மட்டும் தெரியும். அதை வைத்தே கொஞ்சம் வரைய முடியும்.

போன சித்திரையில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடியறை ஜன்னல் உள்பக்கமாக போனைச் சாய்த்துவைத்து வீடியோ ஓடவிட்டேன். தெற்கே சிறுமலைப் பக்கமிருந்து மழை இறங்கி வந்துகொண்டிருந்தது. வீடியோவில் நொடிக்கு முப்பது படங்கள். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்ததில் ஒரு நல்ல மின்னல் சிக்கியது. தரை வரை இறங்கிய கோடு தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சம் வந்த படத்திலிருந்து முதல் சத்தத்துக்கு 6.3 நொடி. ஆக, கிட்டத்துப் பகுதி 2.2 கிலோமீட்டர் தூரத்தில். சத்தம் ஓங்கி அறைந்து, தணிந்து, பன்னிரண்டாவது நொடியில் மறுபடி ஒருமுறை உரத்து, வெளிச்சம் வந்ததிலிருந்து 24-ஆவது நொடி வாக்கில் மழைச் சத்தத்தில் கரைந்தது.

24 நொடி என்றால், உயரே குளிர்காற்றில் ஒலி சற்று மெதுவாகப் போவதையும் சேர்த்து, சுமார் 8 கிலோமீட்டர். மின்னல் விழுந்த இடம் 2.2 கிலோமீட்டரில். அங்கிருந்து நேர் மேலே ஆறு கிலோமீட்டர் உயரம் வரை கோடு போயிருந்தால் அதன் உச்சி எங்களிடமிருந்து 6.4 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். அந்தச் சத்தம் 19 நொடிக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். மீதி ஐந்து நொடி எங்கிருந்து வந்தது? கோடு மேகத்துக்குள் ஏறியபின் எங்களைவிட்டு விலகி, தெற்கே படுக்கையாக ஓடியிருக்க வேண்டும். எட்டின் வர்க்கத்திலிருந்து ஆறின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 5.3. அதில் 2.2 போக, மூன்று கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத மூன்று கிலோமீட்டர் மின்னலைக் காது கண்டுபிடித்துவிட்டது. மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கடைசிக் குமுறலில் கலந்திருக்கும். அதனால் இந்த மூன்றை நான் மிகத் துல்லியமான எண்ணாகச் சொல்லவில்லை. மலை இல்லாத வெளியில் இதே கணக்கை இன்னும் நம்பலாம்.

அன்று மகளுக்கு இதைக் காகிதத்தில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாச்சி வீட்டுப் பதினெட்டு என் கையிலேயே வந்து விழுந்தது. நாங்கள் எண்ணும் நொடிகள் மின்னல் விழுந்த இடத்தின் தூரத்தைச் சொல்வதில்லை. அந்தக் கோட்டில் நமக்கு மிகக் கிட்டே இருக்கும் பகுதி எவ்வளவு தூரம் என்பதைத்தான் சொல்கின்றன, அது தரையில் இருந்தாலும் சரி, மேலே இருந்தாலும் சரி. பெரும்பாலான மின்னல்கள் தரைக்கு வருவதே இல்லை, மேகத்துக்குள்ளேயே ஆறு, ஏழு கிலோமீட்டர் உயரத்தில் ஓடி முடிந்துவிடுகின்றன. பதினெட்டு நொடியை மூன்றால் வகுத்தால் ஆறு கிலோமீட்டர். அன்று அது ஆறு கிலோமீட்டர் தள்ளி இல்லை. ஆறு கிலோமீட்டர் உயரத்தில், நேர் தலைக்கு மேலே இருந்தது.

அடையாளமும் அன்றே தெரிந்திருக்கிறது, எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. கோடு கண்ணில் படாமல் மேகம் முழுக்க ஒன்றாக வெளுத்தது. ஒரு திசையைக் கைகாட்ட முடியவில்லை. சத்தம் அறையாமல், மெல்லத் தொடங்கிப் பரவியது. தலைக்கு மேல் கருமேகம் நிற்கும்போது இப்படி ஒரு பதினெட்டு வந்தால் அது இடிமேகத்தின் நடுவயிற்றுக்குக் கீழே நிற்கிறோம் என்று பொருள். அடுத்தது தரைக்கு இறங்கலாம். வானிலைக்காரர்கள் முப்பது நொடிக்குள் இடி கேட்டாலே உள்ளே போய்விடச் சொல்வதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. ஒரே மேகத்தின் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர் தள்ளிப்போவது சாதாரணம். முந்தையது எங்கே வெட்டியது என்பது அடுத்ததைப் பற்றி எதுவும் சொல்லாது. அம்மாச்சியின் பத்து போதாது.

எண்ணுவதில் இன்னொரு தடங்கலும் உண்டு. மழை உச்சத்தில் இருக்கும்போது மூன்று, நான்கு நொடிக்கு ஒரு மின்னல் வெட்டும். எந்த இடி எந்த மின்னலுடையது என்று பிரிக்கவே முடியாது. அந்த நேரத்தில் நான் எண்ணுவதை விட்டுவிட்டு, ஜன்னலைவிட்டுத் தள்ளி வந்து உட்கார்ந்துகொள்வேன். எண்ணுவதற்கு நல்ல நேரம் மழை வரும்போதும் போகும்போதும்தான்.

அன்று மழை எங்களைக் கடந்து வேடசந்தூர்ப் பக்கம் போனது. இடைவெளி பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து என்று கூடிக்கொண்டே வந்தது. கூடவே சத்தத்தின் தன்மையும் மாறியது. கீச்சென்ற பகுதியைக் காற்று வழியிலேயே தின்றுவிடும், அடித்தொண்டைக் குரல் மட்டும் தூரம் வரை வரும். கிட்டே துணியைக் கிழிப்பது போல வெடிக்கும் இடி, தூரத்தில் காலிப் பீப்பாயை உருட்டுவது போல ஆகிவிடும். ஓர் எல்லைக்குமேல் அதுவும் வராது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இடி கேட்பது அரிது. சத்தம் தேய்ந்துபோவது மட்டும் அதற்குக் காரணமில்லை, இடி நம் தலைக்கு மேலேயே கடந்து போய்விடுகிறது.

உயரே போகப் போகக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். எனவே ஒலி அலையின் கீழ்ப்பகுதி வேகமாகவும் மேல்பகுதி மெதுவாகவும் நகரும். ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று மட்டும் எட்டி நடந்தால் ஏர் மெதுவாக நடக்கும் மாட்டின் பக்கம் திரும்புமே, அது போல ஒலி மேல்நோக்கி வளைகிறது. நம்மை நோக்கி வந்துகொண்டிருந்த இடி தரையைவிட்டு எழும்பிப் போய்விடுகிறது. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற வழக்கமான குளிர்ச்சியை வைத்துக் கணக்குப் போட்டால், 13 கிலோமீட்டர் தள்ளி விழும் மின்னலின் கீழ் ஒரு கிலோமீட்டர் நமக்குக் கேட்காது. 27 கிலோமீட்டரில் என்றால் நாலு கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே இருப்பது எதுவும் கேட்காது. காற்று வீசும் திசை இதை முன்பின் தள்ளும். ஆனால் தூரத்து மின்னலில் நம் கண் பார்ப்பது மேகத்துக்குக் கீழே இறங்கும் கோட்டை, காது கேட்பது மேகத்துக்குள் இருக்கும் வேறொரு பகுதியை.

இரவு ஒன்பதரைக்கு வானம் எங்கள் பக்கம் தெளிந்து நட்சத்திரம் தெரிந்தது. கடைசியாக இடி கேட்டு அரை மணி நேரம் தாண்டியிருந்ததால் மொட்டை மாடிக்குப் போனோம். வடக்கே கரூர்ப் பக்கம் அடிவானத்தில் மேகத்தின் உச்சி மட்டும் மஞ்சளாகத் துடித்துக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். மகள் கைப்பிடிச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு துடிப்பிலிருந்து அர்ச்சுனா எண்ண ஆரம்பித்தாள்.

"பாப்பா, அங்கேருந்து எழுபது கிலோமீட்டர் இருக்கும். வராது" என்றேன்.

"வந்தா எத்தனையில வரும்ப்பா?"

"இருநூறு தாண்டணும்."

அவள் நிறுத்தவில்லை. நூற்றுப் பத்து வரை எண்ணியது எனக்குக் கேட்டது. அதற்குமேல் உதடு மட்டும் அசைந்தது.